சட்டியைக் கவிழ்த்த பிறகு சலாம்

திருகோணமலை வீதியால் போகும் வாகனங்களை நம்பித்தான் கந்தளாயில் எமது தயிர் வியாபாரம் நடக்கிறது. முன்பெல்லாம் சட்டிகளை அடுக்கி வைத்தால் போதும், வாகனம் நிற்கும். இப்போது பலர் எங்கே நிறுத்துவது என்பதை வீட்டிலேயே போனில் பார்த்துத் தீர்மானித்துக்கொண்டு வருகிறார்கள். ஆகவே நானும் மருமகனும் குறும் வீடியோ போடத் தொடங்கினோம்.

முதல் வீடியோவில் நான் கடை வாசலில் நின்று சலாம் சொன்னேன். பெயரைச் சொன்னேன், எத்தனை வருடமாகக் கடை நடத்துகிறேன் என்றும் சொன்னேன். தயிர்ச் சட்டி கண்ணில் பட்டபோது பதினொரு செக்கன் கடந்துவிட்டது. "மாமா, நீங்க கடைப் பேரைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள ஆக்கள் தள்ளிட்டுப் போயிட்டாங்க" என்று மருமகன் போனைக் காட்டினான். எத்தனை பேர் எதுவரை பார்த்தார்கள் என்பதைக் காட்டும் கோடு அதில் இருக்கிறது. எங்கள் கோடு மூன்றாவது செக்கனுக்குள் செங்குத்தாக விழுந்திருந்தது.

அந்த மூன்று செக்கனில் ஆளை நிறுத்தி வைப்பதைத்தான் இத்துறையில் 'ஹூக்' என்கிறார்கள். நாம் தூண்டில் என்று சொல்வோமே. இங்கே வியாபாரிகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'வியூஸ்' எண்ணிக்கையை வைத்துத் தூண்டில் நன்றாக இருந்ததா என்று அறிய முடியாது. 2025 மார்ச் 31 முதல் யூடியூப் ஷோட்ஸில் வீடியோ ஓடத் தொடங்கினாலே ஒரு வியூ. பேஸ்புக்கும் 2016இல் ஒரு கணக்குப் பிழையை ஒப்புக்கொண்டது. மூன்று செக்கனுக்கு முன் போனவர்களை விட்டுவிட்டு, சராசரியாக எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்று கூட்டிக் காட்டியிருந்தது. கடைக்குள் எட்டிப் பார்த்துத் திரும்பியவரை மறந்து லாபக் கணக்குப் போடுவது போன்றதுதான் இது. எனவே கோட்டைத்தான் பார்க்க வேண்டும்.

தூண்டிலை எழுத உட்கார்ந்தபோது முதலில், "எங்கள் தயிர் மிகவும் கெட்டியானது" என்று எழுதினேன். இது நம் பொருளை நாமே புகழ்வது, யாரும் நிற்கவில்லை. அடுத்து, "நல்ல தயிரை அறிவது எப்படி?" என்று எழுதினோம். கேள்வி சரி, ஆனால் கண்ணுக்கு ஒன்றுமில்லை. பிறகுதான் கடையில் நடப்பதை யோசித்தேன். வாங்க வருகிறவர் விலையைக் கேட்கும் முன்பே சட்டியைச் சற்றுச் சரித்துப் பார்ப்பார், தண்ணீர் ஓடுகிறதா என்று. அவருடைய சந்தேகம் அதுதான். அதையே எழுதினோம்: "கவிழ்த்தால் விழுமா?"

மணிக்கூட்டை வைத்துப் பேசிப் பார்த்தேன். மூன்று செக்கனில் நிதானமாக ஆறு ஏழு சொல்லுக்கு மேல் போகாது. பலர் சத்தத்தை நிறுத்தி வைத்துப் பார்ப்பதால் அதே சொற்களைத் திரையிலும் எழுத வேண்டும். கீழே எழுதினால் தலைப்பு மறைக்கும், வலது ஓரத்தில் பொத்தான்கள் மறைக்கும். நடுவுக்குச் சற்று மேலே பெரிதாக எழுதினோம். சட்டியைக் கையில் எடுப்பதைப் படம் பிடிக்கக் கூடாது. வீடியோ தொடங்கும்போதே சட்டி பாதி சரிந்திருக்க வேண்டும்.

சலாம் சொல்லாமல் தொடங்குவது மரியாதையா என்று ஒரு நண்பர் கோபித்தார். சட்டி கவிழ்ந்த பிறகு சொல்கிறேன் என்றேன். முதலில் சொன்னபோது யாரும் இருந்து கேட்கவில்லையே.

அடுத்த முறை கோடு மூன்றைத் தாண்டியது, ஆனால் ஆறாவது செக்கனில் விழுந்தது. விடையைக் கடைசிவரை இழுத்தடித்திருந்தோம். அப்படியானால் பிழை தூண்டிலில் இல்லை, அது கொடுத்த வாக்கை நாம் நேரத்துக்கு நிறைவேற்றவில்லை. ஐந்தாவது செக்கனில் சட்டியை முழுவதும் கவிழ்த்துக் காட்டினோம். தயிர் அசையவில்லை. எருமைப் பாலின் கொழுப்பையும், மண்சட்டி ஈரத்தை உறிஞ்சுவதையும் அதன் பிறகு சொன்னேன். ஆட்கள் இருந்து கேட்டார்கள்.

ஆனால் தொலைபேசி எடுத்தவர்களில் பாதிப் பேர் கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் அனுப்ப முடியுமா என்று கேட்டவர்கள். மண்சட்டித் தயிரை எங்கே அனுப்புவது? அதன் பிறகு, "கந்தளாய்த் தயிர்: கவிழ்த்தால் விழுமா?" என்று ஊரையும் சேர்த்தோம். பார்த்தவர் தொகை குறைந்தது, கடை வாசலில் நின்ற வாகனம் கூடியது.

ஒரு மாலை வேளை ஒரு குடும்பம் வந்து, "காக்கா, இந்தச் சட்டியைக் கவிழ்த்துக் காட்டுங்க" என்றது. காலையில் இருந்து வெயிலில் இருந்த சட்டி, ஓரத்தில் நீர் விட்டிருந்தது. கவிழ்த்தேன். கால்வாசி தயிர் மேசையில் விழுந்தது. அவர்கள் ஒன்றும் சொல்லாமல் வாகனத்தில் ஏறிப் போனார்கள். குற்றம் என்னுடையது. இப்போது நிழலில்தான் அடுக்குகிறோம். திரையில் உள்ள வரியும் மாறிவிட்டது: "இன்று காலை உறைந்த சட்டி. கவிழ்த்தால் விழுமா?"