புயல் காட்டிய சாய்வு

நியூயார்க்கின் ஃபுல்டன் மீன் சந்தை இப்போது பிராங்க்ஸ் பகுதிக்குப் போய்விட்டது. 1990களில் அது மன்ஹாட்டனில், புரூக்ளின் பாலத்துக்குப் பக்கத்தில், விடிவதற்கு வெகுநேரம் முன்பே களைகட்டிக்கொண்டிருந்தது. விலைப்பலகை கிடையாது. வருகிற ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகத்தான் பேரம். கேத்ரின் கிராடி என்ற பொருளாதார ஆய்வாளர் அங்கே ஒரு வியாபாரியின் கணக்கை எடுத்துக்கொண்டார். 1991 டிசம்பர் முதல் 1992 மே வரை 111 நாட்கள், வைட்டிங் என்ற மலிவான மீன் என்ன விலைக்கு எத்தனை பவுண்டு விற்றது என்பதே கணக்கு.

விலை ஏறினால் விற்பனை குறையும் என்று சொல்ல ஆய்வு தேவையில்லை. எவ்வளவு குறையும் என்பதுதான் கேள்வி. ‘பத்து சென்ட் ஏற்றினால் இத்தனை பவுண்டு குறையும்’ என்ற பதிலால் அதிகப் பயனில்லை. அரை டாலர் மீனுக்குப் பத்து சென்ட் பெரிய ஏற்றம். இரண்டு டாலர் மீனுக்கு அது ஒன்றுமேயில்லை. சதவீதத்தில் பேசினால் இந்தச் சிக்கல் வராது. பள்ளியில் மடக்கை என்று படித்த லாக் இங்கேதான் கைகொடுக்கிறது. லாக் அளவுகோலில் அரை டாலரிலிருந்து ஒரு டாலருக்கு உள்ள தூரமும், ஒன்றிலிருந்து இரண்டுக்கு உள்ள தூரமும் ஒன்றேதான். இரண்டுமே இரட்டிப்பு அல்லவா?

ஆக, விலைக்கும் லாக், விற்ற அளவுக்கும் லாக் எடுத்து, நாளுக்கு ஒரு புள்ளி வைத்து, புள்ளிகளுக்கு நடுவே பொருத்தமான ஒரு நேர்கோடு போடுகிறோம்:

`ln(Q) = a + b × ln(P)`

Q அளவு, P விலை. கோட்டின் சாய்வான b-தான் நமக்கு வேண்டியது. விலை ஒரு சதவீதம் ஏறினால் தேவை எத்தனை சதவீதம் மாறும் என்பதை அது நேரடியாகச் சொல்லிவிடும். பொருளாதாரத்தில் இதற்குத் தேவை நெகிழ்ச்சி என்று பெயர்.

கிராடியின் 111 புள்ளிகளுக்கும் இப்படிக் கோடு போட்டால் சாய்வு −0.54 வருகிறது. விலையைப் பத்து சதவீதம் ஏற்றினால் விற்பனை ஐந்து சதவீதம்தான் குறையும். கல்லாவில் சுமார் நாலரை சதவீதம் கூடும். அப்படியானால் வியாபாரி தினமும் விலையை ஏற்றிக்கொண்டே போகலாமே?

கோளாறு கோட்டில் இல்லை, புள்ளிகளில் இருக்கிறது. ஒரு நாள் வாங்குபவர்கள் நிறைய வந்தால் விலையும் ஏறும், விற்பனையும் ஏறும். இன்னொரு நாள் படகுகளில் மீன் குறைவாக வந்தால் விலை ஏறும், விற்பனை இறங்கும். முதல் வகை நாட்கள் கோட்டை மேலே தூக்கும், இரண்டாம் வகை கீழே இறக்கும். இரண்டையும் கலந்து போட்ட கோடு வாங்குபவரின் மனதையும் காட்டாது, விற்பவரின் மனதையும் காட்டாது. நமக்குத் தேவை, வாங்குபவரைத் தொடாமல் வரத்தை மட்டும் அசைக்கும் ஏதோ ஒன்று.

அது கடலில் கிடைத்தது. முந்தைய நாட்களின் சராசரியில் அலை நாலரை அடிக்கும் மேல், காற்று 18 நாட்டுக்கும் மேல் இருந்தால் அதைப் புயல் நாள் என்று குறித்தார்கள். கடல் கொந்தளித்தால் மீன்பிடி குறையும். நகரத்தில் உட்கார்ந்து வைட்டிங் சாப்பிடுகிறவரின் பசிக்கும் நடுக்கடல் அலைக்கும் என்ன சம்பந்தம்?

புயல் நாட்களையும் மற்ற நாட்களையும் ஒப்பிட்டால் விலையின் லாக் சுமார் 0.34 கூடியிருக்கிறது, அளவின் லாக் சுமார் 0.36 குறைந்திருக்கிறது. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் சாய்வு கிடைக்கும். தசமங்களைச் சுருக்காமல் கணக்கிட்டால் −1.08, முன்பு வந்ததைப் போல இரண்டு மடங்கு. இப்போது பத்து சதவீத விலையேற்றம் விற்பனையையும் ஏறக்குறைய பத்து சதவீதம் குறைக்கிறது. கல்லா ஏறாது, கொஞ்சம் இறங்கவும் செய்யும்.

இந்த 0.34-ஐ 34 சதவீதம் என்று படித்துவிடக் கூடாது. பலர் தடுக்கி விழும் இடம் இது. சின்ன மாற்றங்களில்தான் லாக் வித்தியாசமும் சதவீதமும் ஒத்துப்போகும். 0.34 என்றால் உண்மையில் விலை 40 சதவீதம் ஏறியிருக்கிறது, 0.36 குறைவு என்றால் அளவு 30 சதவீதம்தான் இறங்கியிருக்கிறது. அதேபோல, சாய்வு −1.08 என்பதால் விலை இரட்டித்தால் தேவை 108 சதவீதம் குறையும் என்று யாராவது சொன்னால், இல்லாத மீனையும் விற்றாக வேண்டும்! சரியான கணக்கு 2-இன் அடுக்கு −1.08, அதாவது 0.47. விற்பனை 53 சதவீதம் குறையும்.

இன்னொன்று, ஒன்றுமே விற்காத நாளை இந்த வரைபடத்தில் வைக்க முடியாது. பூஜ்யத்துக்கு லாக் இல்லை. சும்மா ஒன்றைக் கூட்டிவிட்டு லாக் எடுப்பவர்கள் உண்டு. அது சாய்வையே மாற்றிவிடும் என்பதால் எனக்கு அதில் உடன்பாடில்லை.

புயல் தந்த −1.08-ஐயும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள முடியாது. அதன் திட்டப்பிழை 0.48. 111 நாட்களை வைத்து உறுதியாகச் சொல்லக்கூடியது, உண்மையான சாய்வு ஏறக்குறைய −0.1-க்கும் −2-க்கும் இடையில் எங்கோ இருக்கிறது என்பதுதான். ஒரு முனையில் விலையை ஏற்றினால் லாபம், மறுமுனையில் நஷ்டம்.