அத்தையின் கட்டைவிரல்

ராஜா, ராணி, மந்திரி, போலீஸ், திருடன் என்று சீட்டு எழுதிக் குலுக்கிப் போட்டு விளையாடாத பிள்ளைகள் நம்மிடையே குறைவு. போலீஸ் சீட்டு வந்தவர் எல்லார் முகத்தையும் ஒரு சுற்று பார்ப்பார், யாரையாவது காட்டி "நீதான் திருடன்" என்பார். சரியாகச் சொல்லிவிட்டால் புள்ளி அவருக்கு, தப்பினால் திருடனுக்கு. அந்த விளையாட்டில் போலீஸின் கையில் இருப்பது முகம் மட்டும்தான். திருடன் இதற்குமுன் எதுவும் செய்திருக்க மாட்டான், அதனால் துப்பு என்று சொல்ல ஒன்றுமே இருக்காது.

1986இல் மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தில் உளவியல் படித்துக்கொண்டிருந்த திமித்ரி தவீதோவ் 'மாஃபியா' என்ற விளையாட்டை உருவாக்கினார். யார் யார் மாஃபியா என்பது மாஃபியாவுக்கு மட்டும் தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது. பேசி, வாதாடி, வாக்களித்துக் கண்டுபிடிக்க வேண்டும். பொய் சொல்பவர்கள் இப்போது ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்பதுதான் இதில் புதிது. அவர்களும் வாக்களிக்கிறார்கள். அந்த வாக்கு எல்லார் கண்முன்னும் விழுகிறது.

இந்தக் குடும்பத்தில் பின்னாளில் வந்த 'ரெசிஸ்டன்ஸ்' என்ற ஆட்டம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. டான் எஸ்க்ரிட்ஜ் என்பவர் வடிவமைத்தது. இதில் யாரும் பாதியில் வெளியேற்றப்படுவதில்லை என்பதால் கடைசிவரை எல்லாருடைய வாக்கும் சேர்ந்துகொண்டே போகும். வீட்டில் இருக்கும் சீட்டுக்கட்டை வைத்தே ஆடலாம். ஐந்து பேர் உட்கார்ந்தால் அதில் இரண்டு பேர் ஒற்றர்கள், மூன்று பேர் நல்லவர்கள். தொடக்கத்தில் எல்லாரும் கண்ணை மூட, ஒற்றர்கள் மட்டும் கண் திறந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். நல்லவர்களுக்குத் தங்களைத் தவிர வேறு யாரையும் தெரியாது.

பிறகு ஐந்து பணிகள். ஒவ்வொன்றுக்கும் எத்தனை பேர் போக வேண்டும் என்பது விதியில் உண்டு: 2, 3, 2, 3, 3. தலைவர் ஆட்களைச் சொல்வார். எல்லாரும் ஒரே நேரத்தில் கட்டைவிரலை மேலோ கீழோ காட்டி வாக்களிப்பார்கள். பெரும்பான்மை கிடைத்தால் அந்தக் குழு போகும், கிடைக்காவிட்டால் தலைமை அடுத்தவருக்குப் போகும். ஒரே பணிக்கு ஐந்து முறை தொடர்ந்து குழு நிராகரிக்கப்பட்டால் ஒற்றர்களுக்கு வெற்றி. போகிறவர்கள் ஆளுக்கொரு சீட்டைக் கவிழ்த்துப் போடுவார்கள், அதைக் குலுக்கித் திருப்புவார்கள். நல்லவர் கறுப்புதான் போட முடியும். ஒற்றர் விரும்பினால் சிவப்பு போடலாம். ஒரு சிவப்பு விழுந்தாலும் பணி தோல்வி. மூன்று பணி வென்றால் நல்லவர்கள் ஜெயிப்பார்கள், மூன்று கெட்டால் ஒற்றர்கள்.

எங்கள் வீட்டில் ஓர் இரவு நடந்த ஆட்டத்தை அப்படியே சொல்கிறேன். மாமா, அக்கா, தம்பி, அத்தை, நான். தலைமையும் இதே வரிசையில்தான் சுற்றியது. நான் நல்லவன். மற்ற நான்கு பேரில் இரண்டு பேர் ஒற்றர்கள் என்றால் ஆறு ஜோடிகள் சாத்தியம். அந்த ஆறையும் மனத்தில் வரிசையாக வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வருவதுதான் வேலை.

முதல் பணிக்கு மாமா தன்னையும் அக்காவையும் சொன்னார். எல்லாரும் சரி என்றோம், இரண்டும் கறுப்பு. "அப்ப இவங்க ரெண்டு பேரும் நல்லவங்க" என்றார் அத்தை. புதிதாக ஆடுகிறவர்கள் தவறும் முதல் இடம் இதுதான். இரண்டே பேர் போன பணியில் சிவப்பு போட்டால் சந்தேகம் உடனே தன்மேல் பாதியாக விழும் என்பதால் ஒற்றர் பெரும்பாலும் முதல் பணியில் கறுப்பே போடுவார். ஆறு ஜோடியும் அப்படியே இருந்தன.

இரண்டாவது பணி, மூன்று பேர். அக்கா தன்னையும் மாமாவையும் என்னையும் சொன்னாள். நாங்கள் மூவரும் கட்டைவிரலை உயர்த்தினோம். அத்தையும் உயர்த்தினார். தம்பி மட்டும் கீழே காட்டினான்.

"ஏன்டா, நல்ல குழுதானே?" என்றார் அத்தை.

"அத்தை, நான் நல்லவன். நான் இல்லாம நல்லவங்க ரெண்டு பேர்தான் மிச்சம். மூணு பேர் போறாங்கன்னா அதுல ஒருத்தராவது ஒற்றரா இருந்தே ஆகணும். நான் எப்படி சரின்னு சொல்வேன்?"

தம்பி சொன்னது கணக்காகவே சரி. ஐந்து பேர் ஆட்டத்தில் வாக்குகளைப் படிக்க இதைவிட உறுதியான இடம் வேறு இல்லை. தான் இல்லாத மூவர் குழுவை நல்லவர் ஒருவர் ஆமோதிக்கக் காரணமே கிடையாது, ஐந்தாவது முறையாக நிராகரித்தால் ஆட்டமே போய்விடும் என்ற நிலையைத் தவிர. ஆக, வெளியே இருந்துகொண்டு சரி என்கிறவர் ஒன்று ஒற்றர், அல்லது கணக்குப் போடாதவர்.

சீட்டுகளைத் திருப்பினோம். ஒரு சிவப்பு.

எனக்கு என்னைத் தெரியும் என்பதால் அக்கா, மாமா இருவரில் ஒருவராவது ஒற்றர். தம்பியும் அத்தையும் ஜோடி என்பது அடிபட்டது, ஐந்து மிஞ்சியது. இங்கே எல்லாருக்கும் தோன்றுவது, "கெட்டுப்போன பணியில் இல்லாதவர்கள் சுத்தமானவர்கள்" என்பது. என் இடத்திலிருந்து எண்ணிப் பாருங்கள். அக்காவும் மாமாவும் சேர்ந்தே ஒற்றர்கள் என்ற ஒரு ஜோடியைத் தவிர, மிச்ச நான்கு ஜோடிகளிலும் தம்பியோ அத்தையோ இருக்கிறார்கள். போகாதவர்கள் சுத்தமானவர்கள் என்ற எண்ணத்தைத்தான் ஒற்றர்கள் பயன்படுத்திக்கொள்வார்கள்.

மூன்றாவது பணிக்குத் தலைவன் தம்பி. "போகாத ரெண்டு பேரும் போறோம், நானும் அத்தையும்" என்றான். நானும் மாமாவும் வேண்டாம் என்றோம். தம்பி, அத்தை, அக்கா சரி என்றார்கள். மூன்றுக்கு இரண்டு, குழு போனது. மறுபடி ஒரு சிவப்பு.

இப்போது தம்பி, அத்தை இருவரில் ஒருவர் ஒற்றர். அக்கா, மாமா இருவரில் ஒருவர் ஒற்றர். நான்கு ஜோடிகள். இன்னும் ஒரு பணி போனால் ஆட்டம் முடிந்தது. மீதி இரண்டு பணிக்கும் மூன்று பேர் தேவை. சிவப்பே விழாத மூவர் குழு என்று நம்பக்கூடியது ஒன்றே ஒன்று, நல்லவர்கள் மூவரும் சேர்ந்த குழு. சீட்டுகள் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டன, இனி மிஞ்சியவை வாக்குகள்.

பலரும் இந்த இடத்தில் முகத்தைப் படிக்கத் தொடங்குவார்கள். குரல் நடுங்கியதா, கண்ணைத் தவிர்த்தாரா என்று பார்ப்பார்கள். மனிதர்கள் பொய்யைக் கண்டுபிடிக்கும் திறனைப் பற்றிய பல ஆய்வுகளை சார்லஸ் பாண்ட், பெல்லா டிபாலோ என்ற இரு உளவியலாளர்கள் தொகுத்து 2006இல் வெளியிட்டார்கள். சராசரி 100க்கு 54. காசைச் சுண்டினால் 50. அந்த நான்கை நம்பி ஆட்டத்தை வைப்பதைவிட, நடந்த வாக்கு ஒவ்வொன்றையும் எடுத்து, "இவர் நல்லவராக இருந்தால் இப்படி வாக்களித்திருப்பாரா, ஒற்றராக இருந்தால் இப்படி வாக்களித்திருப்பாரா?" என்று இரண்டு கேள்வியையும் கேட்பது எவ்வளவோ மேல். இரண்டுக்கும் ஒரே பதில் வந்தால் அந்த வாக்கு எதையும் சொல்லவில்லை என்று பொருள்.

முதலில் அத்தை. இரண்டாவது பணியில் வெளியே இருந்துகொண்டு சரி என்றவர். தம்பி போட்ட கணக்கின்படி அவர்தான் ஒற்றர். ஆனால் அன்றிரவு அதற்குமுன் மூன்று ஆட்டம் ஆடியிருந்தோம். மூன்றிலும் அத்தை எந்தக் குழுவுக்கும் கட்டைவிரலைக் கீழே காட்டியதே இல்லை. அதில் இரண்டு ஆட்டத்தில் அவர் நல்லவர். "நம்ம பிள்ளைங்கதானே கண்ணு, வேண்டாம்னு எப்படி சொல்றது?" என்பார். நல்லவராக இருந்தாலும் சரிதான், ஒற்றராக இருந்தாலும் சரிதான். ஆகவே அத்தையின் வாக்கு துப்பே இல்லை. இந்த ஆட்டத்தில் அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். வாக்கை மட்டும் பார்த்து, வாக்களித்தவருடைய பழக்கத்தைப் பார்க்காமல் விட்டுவிடுகிறார்கள்.

அடுத்து தம்பி. அவன் நல்லவன் என்று வைத்துக்கொண்டு, அவன் இருக்கையில் உட்கார்ந்து பார்த்தேன். மூன்று பேர் போன பணியில் ஒரே ஒரு சிவப்பு. அப்படியானால் உள்ளே பெரும்பாலும் ஓர் ஒற்றர்தான். இன்னொருவர் வெளியே இருக்க வேண்டும். வெளியே இருந்தது இருவர், தம்பியும் அத்தையும். தான் இல்லையென்று அவனுக்குத் தெரியும். மிச்சம் அத்தை. நல்லவனான தம்பிக்கு அந்த நேரத்தில் யார்மீது அதிகச் சந்தேகம் வந்திருக்க வேண்டுமோ, அவரையே கூட்டிக்கொண்டு போனான். கணக்குத் தெரியாதவன் என்றால் விட்டுவிடலாம். ஐந்து நிமிடம் முன்னால்தான் அதே வகைக் கணக்கை அத்தைக்கு விளக்கியிருந்தான். ஒரு பணியில் எண்ணத் தெரிந்தவனுக்கு அடுத்த பணியில் எண்ணத் தெரியாமல் போகாது. அத்தை நல்லவர் என்பது அவனுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தால் மட்டுமே அந்தத் தேர்வு பொருந்துகிறது. நல்லவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் சிவப்பின் பழி இருவர்மேலும் பிரிந்து விழும்.

அக்காவுக்கும் இதே சோதனை. அவள் நல்லவள் என்றால் இரண்டாவது பணியில் சிவப்பு போட்டது நானோ மாமாவோ, துணை ஒற்றர் பெரும்பாலும் தம்பியோ அத்தையோ. அந்த இருவரும் ஒன்றாகப் போகும் குழுவுக்கு அவள் வேண்டாம் என்றிருக்க வேண்டும். சரி என்றாள். மாமா வேண்டாம் என்றார். அக்கா சொன்ன சமாதானம், "போகாதவங்க போகட்டுமேன்னு நெனச்சேன்." நல்லவர்களும் இப்படிச் சறுக்குவதுண்டு. ஐந்தில் ஒரு முறை என்று வைத்துக்கொள்வோம். துணை ஒற்றர் போகும் குழுவுக்கு ஓர் ஒற்றர் சரி என்பது ஐந்தில் மூன்று முறை என்போம். இவை என் ஊகம்தான். அப்படிப் பார்த்தாலும் சமமாக இருந்த சந்தேகம் அக்காவின் பக்கம் மூன்று மடங்காகச் சாய்கிறது. உறுதி இல்லை, ஆனால் வேறு வழியும் இல்லை.

நான்காவது பணிக்கு அத்தைதான் தலைவர். ஐந்தில் மூன்று வாக்கு வேண்டும், ஒற்றர்கள் இருவரும் எதிர்ப்பார்கள், ஆகவே நல்லவர்கள் மூவரும் ஒரே முடிவுக்கு வந்தால்தான் நடக்கும். மாமாவிடம் தம்பியின் தேர்வைச் சொன்னேன், உடனே தலையாட்டினார். அத்தையிடம் வேறு விதமாகச் சொல்ல வேண்டியிருந்தது. "அத்தை, போன பணியில சிவப்பு நீங்க போடலைன்னா யார் போட்டது?" அவர் தம்பியைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மாமா, நான், தான் என்று மூன்று பேரைச் சொன்னார். மூன்று விரல் மேலே, அக்காவுடையதும் தம்பியுடையதும் கீழே. மூன்றும் கறுப்பு. ஐந்தாவது பணிக்கு நான் தலைவன், அதே மூவர், அதே மூன்றுக்கு இரண்டு, மறுபடியும் மூன்று கறுப்பு.

தம்பி இதை மறக்கவில்லை. சில நாள் கழித்து மீண்டும் ஒற்றர் சீட்டு வந்தபோது, ஒவ்வொரு வாக்குக்கும் முன்னால் நல்லவன் என்ன செய்வானோ அதையே செய்தான். அவன் வாக்குகளில் நான் எதையும் படிக்க முடியவில்லை. ஆனால் நல்லவனைப் போலவே வாக்களிக்க வேண்டியிருந்ததால், துணை ஒற்றர் இருந்த ஒரு குழுவை அவனே வேண்டாம் என்று சொல்ல வேண்டியதாயிற்று. அந்தக் குழு அவன் ஒரு வாக்கில் விழுந்தது, அடுத்துப் போன குழு பணியை முடித்துவிட்டு வந்தது.