விடுப்புக் கணக்கு

ஓர் அலுவலகத்தில் ஏழு பேர் பணியாற்றினார்கள். அவர்களுள் ஒருவர் டிசம்பர் மாத இறுதியில் விடுப்புக் கேட்டார். மேலாளர் ஊரில் இல்லை. ஒப்புதல் ஜனவரி முதல் வாரத்தில்தான் கிடைத்தது. பின்பு கணக்கைப் பார்த்தபோது, அவருக்கு இருக்க வேண்டிய விடுப்பு நாட்களில் மூன்று நாள் காணவில்லை. யாரும் அவற்றை எடுக்கவில்லை. யாரும் வேண்டுமென்று மறைக்கவும் இல்லை. கணக்கு எழுதிய முறையே அவற்றை விழுங்கிவிட்டது. அந்த மூன்று நாட்கள் எங்கே சென்றன என்பதைத் தேடிக்கொண்டு போவோமானால், சிறு அலுவலகத்தின் விடுப்புக் கணக்கை ஒரே விரிதாள் கோப்பில் எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்பது தானாகவே விளங்கிவிடும்.

முதலில் விதியைச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் கடைகளுக்கும் வணிக நிறுவனங்களுக்கும் உரிய 1947ஆம் ஆண்டுச் சட்டம், ஓராண்டு தொடர்ந்து பணி செய்தவருக்கு அடுத்த ஆண்டில் 12 நாள் ஊதியத்துடன் கூடிய விடுமுறை தர வேண்டும் என்கிறது. எடுக்காத நாட்களை 24 நாள் வரை சேர்த்து வைத்துக்கொள்ளவும் அது இடமளிக்கிறது. நாம் எடுத்துக்கொண்ட அலுவலகம் சற்றுத் தாராளமானது. மாதந்தோறும் கடைசி நாளில் ஒன்றேகால் நாள், அஃதாவது ஆண்டுக்கு 15 நாள், ஒவ்வொருவர் கணக்கிலும் வரவு வைக்கிறது. ஆண்டு முடிவில் 24 நாளுக்கு மேற்பட்ட இருப்புக் காலாவதியாகும். ஞாயிற்றுக்கிழமையும் அறிவிக்கப்பட்ட விடுமுறை நாட்களும் விடுப்பில் சேரா.

இத்தகைய கணக்கைப் பலர் எப்படி எழுதுகிறார்கள்? பெயருக்கு எதிரே ஒரு கட்டம். அதில் இருப்பு 20 என்று ஓர் எண். மூன்று நாள் விடுப்பு எடுத்தால் 20ஐ அழித்து 17 என்று எழுதுவார்கள். பார்வைக்கு எளியது. ஆனால் ஆறு மாதம் கழித்து, "எனக்கு ஏன் 17 மட்டும் இருக்கிறது?" என்று ஒருவர் கேட்டால், அந்தக் கட்டத்திற்கு வாயில்லை. பெட்டிக்கடைக்காரர் கூடப் பற்று வரவு என்று வரி வரியாக எழுதுகிறாரேயன்றி, கல்லாப்பெட்டியின் மீது மொத்தத் தொகையை மட்டும் எழுதி ஒட்டி வைப்பதில்லை. ஆகவே, இருப்பை எழுதாதீர்கள், நிகழ்ச்சிகளை எழுதுங்கள், இருப்பு அவற்றிலிருந்து கூட்டி வரட்டும் என்பதே இக்கணக்கின் அடிப்படை.

கோப்பில் மூன்று தாள்கள் போதும். ஒன்றில் விடுமுறைப் பட்டியல். இரண்டாவது பதிவேடு, அதற்கு `Entries` என்று பெயரிடுவோம். மூன்றாவது இருப்புத்தாள், அது `Balance`. பதிவேட்டில் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒரு வரி. முதற்பத்தியில் நடைமுறைக்கு வரும் தேதி, அடுத்து ஊழியர் எண், பிறகு வரவா, விடுப்பா, காலாவதியா என்னும் வகை, அதன்பின் விடுப்புத் தொடங்கும் நாளும் முடியும் நாளும், ஆறாவது பத்தியில் நாட்களின் எண்ணிக்கை, ஏழாவதில் ஒப்புதல் நிலை, இறுதியில் ஒப்பியவர் பெயரும் ஒப்பிய தேதியும் விண்ணப்பச் சீட்டின் எண்ணும். விடுப்பு வரியில் முதற்பத்தித் தேதி என்பது விடுப்புத் தொடங்கும் நாளே. வரவு நேர் எண்ணாகவும், விடுப்பும் காலாவதியும் குறை எண்ணாகவும் இருக்க வேண்டும்.

இருப்புத்தாளில் ஊழியர் எண் A2 கட்டத்திலும், எந்த நாளைய இருப்பு வேண்டுமோ அந்தத் தேதி B1 கட்டத்திலும் இருந்தால், வாய்பாடு இவ்வளவே:

```
=SUMIFS(Entries!$F:$F,Entries!$B:$B,$A2,Entries!$A:$A,"<="&$B$1,Entries!$G:$G,"Approved")
```

இந்த ஊழியருக்குரியவை, இந்தத் தேதி வரையிலானவை, ஒப்புதல் பெற்றவை ஆகிய மூன்று சல்லடைகளிலும் தேறிய வரிகளை மட்டும் கூட்டுக என்பது இதன் பொருள். B1இல் தேதியை மாற்றினால் சென்ற மார்ச் மாத இருப்பையும் பார்க்கலாம். பழைய சச்சரவுகள் பெரும்பாலும் இந்த ஒரு வசதியாலேயே தீர்ந்துவிடும்.

இனி, நம் ஊழியரின் 2025ஆம் ஆண்டுக் கணக்கை வரி வரியாகக் காண்போம். அவர் எண் P04. ஆண்டுத் தொடக்கத்தில் முன்னிருப்பு 20 நாள். ஏப்ரல் 11 வெள்ளிக்கிழமை முதல் 15 செவ்வாய்க்கிழமை வரை விடுப்புக் கேட்டார். விரல் விட்டு எண்ணினால் ஐந்து நாள். ஆனால் 13ஆம் தேதி ஞாயிறு. 14 தமிழ்ப் புத்தாண்டு விடுமுறை. எனவே அவர் உண்மையில் எடுத்தது மூன்று நாளே. இதை மனக்கணக்காக எண்ணாமல் கோப்பையே எண்ணச் சொல்லலாம்:

```
=-NETWORKDAYS.INTL(D2,E2,11,Holidays!$A$2:$A$30)
```

நடுவிலுள்ள 11 என்னும் எண், வாரத்தில் ஞாயிறு மட்டுமே ஓய்வு நாள் என்பதற்கான குறி. சனிக்கிழமையும் ஓய்வாக உள்ள அலுவலகம் அங்கே 1 என்று எழுத வேண்டும். முன்னாலுள்ள குறைக் குறியை மறந்தால், விடுப்பு எடுக்க எடுக்க இருப்பு வளரும்! அரைநாள் விடுப்பை இந்த வாய்பாடு அறியாது; அதற்கு -0.5 என்று கையாலேயே எழுத வேண்டும்.

டிசம்பர் வந்தது. அவர் 29ஆம் தேதி திங்கட்கிழமை முதல் 2026 ஜனவரி 3 சனிக்கிழமை வரை விண்ணப்பித்தார். ஜனவரி முதல் நாள் விடுமுறை. ஆக, டிசம்பரில் மூன்று, ஜனவரியில் இரண்டு, மொத்தம் ஐந்து நாள். அவ்வாண்டு அவர் வேறு விடுப்பு எடுக்கவில்லை. முன்னிருப்பு 20, ஆண்டு வரவு 15, ஏப்ரலில் செலவு 3; எனவே இந்த விண்ணப்பத்துக்கு முன் அவருடைய இருப்பு 32.

முறைப்படி நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? விண்ணப்பம் ஆண்டின் எல்லையைத் தாண்டுவதால் அதை இரண்டு வரியாக எழுதியிருக்க வேண்டும்: டிசம்பர் 29 தேதியிட்டு -3, ஜனவரி 1 தேதியிட்டு -2. அப்போது டிசம்பர் 31 அன்று இருப்பு 29. வரம்பு 24. காலாவதி 5. ஜனவரியில் இரண்டு நாள் கழிந்து 22 நிற்கும்.

அதே விடுப்பை ஒரே வரியாக, டிசம்பர் 29 தேதியிட்டு -5 என்று எழுதியிருந்தாலோ, டிசம்பர் இருப்பு 27, காலாவதி 3, ஜனவரியில் இருப்பு 24. ஊழியருக்கு இரண்டு நாள் இனாம்! இருப்பு 24க்குள் அடங்கியவர்களுக்கு எப்படி எழுதினாலும் விடை ஒன்றுதான். வரம்பை மீறியவர்களிடமே இப்பிழை வெளிப்படும். அதனால்தான் பல ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் இருந்துவிடுகிறது.

நம் அலுவலகத்தில் நிகழ்ந்தது வேறு. கணக்கர் விண்ணப்பத்தைச் சரியாக இரண்டு வரியாகவே எழுதினார். ஆனால் ஒப்புதல் வராமையால் இரண்டும் `Pending` என்ற நிலையில் கிடந்தன. டிசம்பர் 31 மாலை அவர் ஆண்டுக் கணக்கை முடித்தார். ஒப்புதல் பெற்றவற்றை மட்டுமே கூட்டும் வாய்பாடு 32 என்று காட்டியது. 24ஐக் கழித்து, காலாவதி 8 என்று எழுதினார். பிறகு ஒப்புதல் வந்து, முன்தேதியிட்ட -3 உயிர் பெற்றது. முப்பத்திரண்டில் எட்டும் மூன்றும் போக 21. ஜனவரியின் இரண்டும் போக 19. வர வேண்டியது 22. தொலைந்த மூன்று நாட்களும் இதோ அகப்பட்டுவிட்டன: அவர் எடுத்த அதே மூன்று நாட்கள், விடுப்பாக ஒரு முறையும் காலாவதியாக மற்றொரு முறையும் கழிக்கப்பட்டிருந்தன.

இதற்குப் பரிகாரம் காலாவதி வரியை அழித்து எழுதுவதன்று. எழுதிய வரியைத் தொடாமல், அதே டிசம்பர் 31 தேதியிட்டு, "காலாவதித் திருத்தம்" என்ற குறிப்புடன் +3 என்று இன்னொரு வரி சேர்க்க வேண்டும். பிழையும் தெரியும், திருத்தமும் தெரியும். விடுப்பிலிருந்து ஒரு நாள் முன்னதாகத் திரும்பி வந்தவருக்கும் இவ்வாறே +1 வரி எழுதலாம். வருமுன் காப்பதானால், ஆண்டு முடிவில் ஓர் ஒழுங்கைக் கடைப்பிடிக்க வேண்டும்: டிசம்பர் மாத வரவை முதலில் எழுதி, நிலுவையிலுள்ள விண்ணப்பங்களை எல்லாம் ஒப்பியோ மறுத்தோ தீர்த்து, அதன் பிறகே காலாவதியைக் கணக்கிடுவது.

காலாவதி எண்ணை வாய்பாடாகவே பதிவேட்டில் வைத்துவிட்டால் என்ன என்று உங்களில் கூர்மையானவர்கள் கேட்கக்கூடும். இருப்பைப் பார்த்துக் காலாவதி வரும். காலாவதியைச் சேர்த்து இருப்பு வரும். ஒன்றையொன்று துரத்தும் இந்தச் சுழலை விரிதாள் ஏற்காது, வட்டச் சுட்டு என்று எச்சரிக்கும். ஆகவே இருப்புத்தாளில் ஒரு தனிக் கட்டத்தில் `=MAX(0,C2-24)` என்று கணக்கிட்டு, கிடைத்த எண்ணைக் குறை எண்ணாகப் பதிவேட்டில் கையால் எழுதுவதே முறை.

மற்றொரு தொல்லை தேதியைப் பற்றியது. கணினியின் அமைப்பு அமெரிக்க வழக்கப்படி மாதத்தை முதலில் கொள்வதாக இருந்து, நீங்கள் ஏப்ரல் 3 என்ற கருத்தில் 03/04/2025 என்று எழுதினால், அது மார்ச் 4 என்று கொள்ளும். 15/04/2025 என்று எழுதினாலோ பதினைந்தாம் மாதம் இல்லையாகையால் அதைத் தேதியாகவே ஏற்காமல் வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். எழுத்தாக உள்ள தேதி நம் வாய்பாட்டின் சல்லடையில் தேறாது. அந்த வரி சத்தமின்றி விடுபடும். தேதிகள் கட்டத்தின் வலப்புறம் ஒட்டி நிற்கும், எழுத்துகள் இடப்புறம் ஒட்டி நிற்கும் என்பது கண்ணால் அறியும் அடையாளம். ஊழியர் எண்ணுக்குப் பின் ஓர் இடைவெளி கூடுதலாக விழுந்தாலும் அந்த வரி யார் கணக்கிலும் சேராமல் அநாதையாகும். இவ்விரண்டையும் பிடிக்க ஒரு சோதனை உண்டு. B1இல் பதிவேட்டின் கடைசித் தேதிக்குப் பிந்திய ஒரு நாளை எழுதுங்கள். பதிவேட்டில் ஒப்புதல் பெற்ற எல்லா வரிகளின் கூட்டுத்தொகையும், ஏழு பேர் இருப்பின் கூட்டுத்தொகையும் அப்போது சமமாக வேண்டும். சமமாகாவிட்டால், எத்தனை நாள் வேறுபடுகிறதோ அத்தனை நாளுள்ள வரியை முதலில் தேடுங்கள். இடம் மாறிய மாதத்தை மட்டும் இச்சோதனை காட்டாது. அதற்குத் தேதிப் பத்தியை மாதம் பெயராகத் தெரியும்படி அமைத்துக்கொள்ள வேண்டும்.

ஒப்புதலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். `Approved` என்னும் சொல்லை அந்தக் கட்டத்தில் எழுதியவர் மேலாளர்தானா என்பதைக் கட்டம் அறியாது. தாளுக்குக் கடவுச்சொல் இட்டுப் பூட்டலாம். அது கைதவறி அழிவதைத் தடுக்குமேயன்றி, மாற்ற வேண்டும் என்று நினைப்பவரைத் தடுக்காது. எனவே கையொப்பமிட்ட சீட்டோ மின்னஞ்சலோதான் உண்மையான ஒப்புதல். கோப்பில் உள்ளது அதன் படி. சீட்டின் எண்ணை எழுதும் பத்தி இதற்காகவே இருக்கிறது. மேலாளர் தம் விடுப்புக்குத் தாமே ஒப்புதல் எழுதாமல் வேறொருவரிடம் பெற வேண்டும் என்பதையும் முன்பே பேசி முடிவு செய்துவிடுவது நல்லது. பிறகு பேசுவது சங்கடம்.

நம் ஊழியருக்கு +3 என்ற திருத்த வரி எழுதப்பட்டது. 2026 ஜனவரி 31 அன்று அம்மாத வரவான ஒன்றேகால் நாளும் சேர்ந்து, அவருடைய இருப்பு 23.25 ஆயிற்று. அவர் பதிவேட்டிலுள்ள தம் வரிகளைத் தாமே கூட்டிப் பார்த்துவிட்டுச் சீட்டில் கையொப்பமிட்டார்.