குறைந்த நீரில் கைகழுவும் விளையாட்டுகள்

குறைந்த நீரில் கைகழுவும் விளையாட்டுகள் என்பன, குழாய் வசதி இல்லாத அல்லது குடத்தில் நீர் கொண்டுவந்து பயன்படுத்தும் சிற்றூர்ப் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும், மூன்று முதல் ஆறு வயது வரையான குழந்தைகளுக்குச் சோப்பிட்டுக் கைகழுவும் பழக்கத்தை ஏற்படுத்தக் கையாளப்படும் எளிய குழு விளையாட்டுகள் ஆகும். இக்கட்டுரை தமிழ்நாட்டில் உள்ளதைப் போன்ற, ஏறத்தாழ 25 குழந்தைகள் மதிய உணவு உண்ணும் ஓர் அங்கன்வாடியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இவ்விளையாட்டுகளை விளக்குகின்றது.

அடிப்படை

கைகழுவுதலில் நனைத்தல், சோப்பிட்டுத் தேய்த்தல், அலசுதல் என மூன்று கட்டங்கள் உள்ளன. இவற்றுள் நீர் தேவைப்படுவது முதலாவதற்கும் மூன்றாவதற்கும் மட்டுமே. ஆனால் அதிக நேரம் எடுத்துக்கொள்வதும், அழுக்கையும் நுண்ணுயிரிகளையும் தோலிலிருந்து பெயர்த்தெடுப்பதும் நடுவில் உள்ள தேய்த்தல் ஆகும். ஏறத்தாழ 20 நொடிகள் தேய்க்க வேண்டும் என்பது பொதுவான பரிந்துரை. குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு கைகழுவுபவர் இந்த 20 நொடிகளில் ஓடும் நீர் முழுவதையும் வீணாக்குகிறார்.

இதனை ஒரு சிறு கணக்கால் காணலாம். நிமிடத்திற்கு 6 லிட்டர் நீர் வரும் குழாயை ஒரு குழந்தை 30 நொடிகள் திறந்து வைத்தால் 3 லிட்டர் செலவாகும். 25 குழந்தைகளுக்கு 75 லிட்டர். மாறாக, 50 மில்லிலிட்டர் கொள்ளும் சிறு கரண்டியால் நனைக்க ஒரு கரண்டியும், அலச மூன்று கரண்டியும் ஊற்றினால் ஒரு குழந்தைக்கு 200 மில்லிலிட்டர் போதும். 25 குழந்தைகளுக்கு 5 லிட்டர். 12 லிட்டர் கொள்ளும் ஒரு குடத்தைக் கொண்டு எல்லாக் குழந்தைகளும் நாளுக்கு இருமுறை கைகழுவலாம். மீதமுள்ள 2 லிட்டர், கழிவறை சென்று வரும் பத்துக் குழந்தைகளுக்குப் போதும்.

ஆகவே நீர் குறைவாக உள்ள இடத்தில் விளையாட்டு, நீர் ஓடாத அந்த 20 நொடிகளை நிரப்புவதாக அமைய வேண்டும். நீரை அளைந்து மகிழும் விளையாட்டுகளைக் குழந்தைகள் விரும்பினாலும் அவை குடத்தை விரைவில் காலி செய்துவிடும்.

நீரை மிச்சப்படுத்த ஒரே அண்டாவில் எல்லாக் குழந்தைகளும் கையை முக்கி எடுக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. இதனைத் தவிர்க்க வேண்டும். ஐந்தாவது குழந்தை கையை விடும்போது அந்நீரில் முதல் நால்வரின் கையழுக்கும் கலந்திருக்கும். எவ்வளவு சிறிதாயினும் நீர் மேலிருந்து ஊற்றப்பட்டுக் கீழே விழுந்துவிட வேண்டும்.

ஊற்றும் சோடி விளையாட்டு

இது மதிய உணவுக்கு முன் நாள்தோறும் விளையாடத்தக்கது. குழந்தைகள் 12 அல்லது 13 பேர் கொண்ட இரு குழுக்களாகப் பிரிக்கப்படுகின்றனர். ஒரு குழு மரத்தடியிலோ வாழையைச் சுற்றியோ வட்டமாக நிற்கிறது. மற்றது அமர்ந்து எண்ணுகிறது. ஐந்து வயதுக் குழந்தை ஒருவர் 'மழை' ஆகிறார். இவர் சுற்றி வந்து ஒவ்வொருவர் கையிலும் ஒரு கரண்டி நீரை ஊற்றுகிறார். பின்னால் வரும் அங்கன்வாடிப் பணியாளர் சோப்புநீர் விடுகிறார். எல்லோர் கையிலும் சோப்பு வந்தபின் அமர்ந்திருக்கும் குழு ஒன்றிலிருந்து இருபது வரை மெதுவாக எண்ணத் தொடங்குகிறது.

எண்களுக்கு ஏற்பக் கைகளின் வேலை மாறுகின்றது. ஐந்து வரை உள்ளங்கைகள். பத்து வரை ஒரு கை மற்றதன் முதுகில் ஏறும் 'ஆமை'. பதினைந்து வரை விரல்கள் கோத்துக்கொள்ளும் 'வேலி'. இருபது வரை கட்டைவிரலைப் பிடித்துத் திருகுதலும் உள்ளங்கையில் நகங்களைச் சுரண்டுதலும். கட்டைவிரல், விரல் நுனி, புறங்கை ஆகியவை பெரியவர்களும் வழக்கமாகத் தவறவிடும் இடங்கள் என்பதால் இவற்றிற்குத் தனி எண்கள் ஒதுக்கப்படுகின்றன. இருபது முடிந்ததும் 'மழை' அதே வரிசையில் திரும்ப வந்து மூன்று கரண்டி ஊற்றுகிறது. பிறகு எல்லோரும் சிறகடிக்கும் பறவைகளாகிக் கைகளை உதறிக் காற்றில் உலர்த்துகின்றனர். ஈரக்கை உலர்ந்த கையைக் காட்டிலும் எளிதாக நுண்ணுயிரிகளை ஏற்றுக் கடத்தும் என்பதால் உலர்த்துதல் தேவையானது. ஆனால் அனைவருக்கும் பொதுவான துண்டு, கழுவியதன் பயனைக் கெடுத்துவிடும்.

மூன்று வயதுக் குழந்தைகளுக்கு ஊற்றும் வேலையைக் கொடுப்பதில் பொருளில்லை. கரண்டி நீர் முழுவதும் சட்டையில்தான் விழும். அவர்களுக்குப் பெரியவர் ஒருவரே ஊற்ற வேண்டும்.

இவ்விளையாட்டில் சோப்புக் கட்டியைக் கைமாற்றிக்கொண்டிருந்தால் நேரம் போய்விடும். கட்டி மண்ணிலும் விழும். வங்காளதேசத்தில் பரவலாக்கப்பட்ட சோப்புநீர் முறை இங்கு உதவும். 1.5 லிட்டர் நீரில் 30 கிராம் சலவைத்தூளைக் கரைத்து, மூடியில் துளையிட்ட நெகிழிப் புட்டியில் வைத்துக்கொள்வதே அம்முறை. ஒரு குழந்தைக்கு ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லிலிட்டர் வீதம் 25 பேருக்கு 125 மில்லிலிட்டர் ஆகும். ஒரு புட்டி 12 முறைக்கு வரும். கட்டியைத் திறந்த வெளியில் வைத்தால் காகம் தூக்கிச் செல்வது நம் ஊர்களில் எல்லோரும் அறிந்ததே; புட்டிக்கு அந்தத் தொல்லை இல்லை. புட்டியின் மேல் அதில் உள்ளது என்ன என்று எழுதிக் குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும்.

மஞ்சள் கை விளையாட்டு

கண்ணுக்குத் தெரியாத ஒன்றைக் கழுவச் சொல்வது குழந்தைகளுக்கு விளங்குவதில்லை. இதற்காகப் பல இடங்களில் கையில் சுண்ணக்கட்டித் தூளையோ வண்ணப் பொடியையோ பூசிக் கழுவச் சொல்கின்றனர். இதில் ஒரு குறை உண்டு. உலர்ந்த தூள் வெறும் நீரிலேயே போய்விடும். 'தண்ணீர் போதும், சோப்பு எதற்கு?' என்ற தவறான பாடத்தைக் குழந்தை கற்றுக்கொள்ளும். தூளுடன் எண்ணெய் சேர்ந்தால்தான் சோப்பின் வேலை புலப்படும்.

ஒரு குழந்தையின் கையில் இரண்டு, மூன்று துளி தேங்காயெண்ணெய் தடவி ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் பூசப்படுகிறது. அக்குழந்தை அடுத்தவருடன் கைகுலுக்க, அவர் அதற்கடுத்தவருடன் குலுக்க, மஞ்சள் எத்தனை பேர் வரை செல்கிறது என்று பார்க்கின்றனர். பின் மஞ்சள் பட்ட இருவரில் ஒருவர் வெறும் நீரிலும் மற்றவர் சோப்பிட்டும் கழுவுகின்றனர். வெறும் நீர் எண்ணெய்ப் பூச்சின் மேல் முத்து முத்தாக உருண்டோடும். மஞ்சள் அப்படியே நிற்கும்.

மஞ்சளைத் தேர்ந்தெடுக்க வேறொரு காரணமும் உண்டு. மஞ்சளில் உள்ள குர்க்குமின் என்னும் நிறப்பொருள் காரத்தன்மையுள்ள பொருள் பட்டால் சிவக்கும். ஆரத்தி எடுக்க மஞ்சள்நீரில் சுண்ணாம்பு கலக்கும்போது நிகழ்வதும் இதுவே. குளியல் சோப்பும் சலவைத்தூளும் காரத்தன்மை உடையவை. எனவே சோப்புப் பட்ட இடம் செம்பழுப்பாக மாறும். கட்டைவிரலோ புறங்கையோ மஞ்சளாகவே இருந்தால் அங்கு சோப்பு படவில்லை என்று குழந்தையே கண்டுகொள்ளும். காரத்தன்மை இல்லாத நீர்மக் கைகழுவிகளில் இந்நிறமாற்றம் ஏற்படாது. ஆகவே முன்னதாக ஒரு சொட்டில் சோதித்துப் பார்ப்பது நல்லது.

இவ்விளையாட்டு சோப்பு எங்கெங்கு பட்டது என்பதை மட்டுமே காட்டுகிறது. நன்றாகக் கழுவிய பின்னும் நகங்களில் மஞ்சள் கறை ஒரு நாள் வரை தங்கலாம். அது கை சுத்தமாகவில்லை என்பதற்கு அடையாளமன்று. இதைக் குழந்தைகளிடம் முன்னரே கூறாவிட்டால் அவர்கள் நீரைக் கொட்டித் தேய்த்துக்கொண்டே இருப்பர். மாதத்திற்கு ஒருமுறை, வெள்ளைச் சட்டை அணியாத நாளில் விளையாடுவது போதுமானது.

2020 ஆம் ஆண்டில் இணையத்தில் பரவலான மிளகுத்தூள் விளையாட்டை இதற்கு மாற்றாகச் சிலர் கொள்கின்றனர். நீரில் மிதக்கும் மிளகுத்தூளின் நடுவே சோப்புத் தொட்ட விரலை வைத்தால் தூள் விலகி ஓடும். நீரின் பரப்பு இழுவிசையைச் சோப்பு குறைப்பதால் இவ்வாறு நிகழ்கிறது. பார்க்க அழகானதே. எனினும் கிருமி சோப்பைக் கண்டதும் தானே ஓடிவிடும் என்ற எண்ணத்தை இது விதைக்கின்றது. விரல் நுனியில் மட்டும் சோப்பைத் தொட்டுக்கொண்டு ஓடும் குழந்தைக்கு அது வசதியான எண்ணம். தேய்த்தலைப் பற்றி இவ்விளையாட்டு எதுவும் சொல்வதில்லை.

கழிவறையிலிருந்து கால்தடப் பாதை

உணவு வேளையில் ஆசிரியர் உடனிருப்பார். கழிவறையிலிருந்து வரும்போது குழந்தை தனியாக இருக்கும். இங்குக் குழு விளையாட்டு பயன்படாது. வங்காளதேசத்தின் இரண்டு சிற்றூர்த் தொடக்கப் பள்ளிகளில் நடத்தி 2016 இல் வெளியிடப்பட்ட ஆய்வு ஒன்று ஒரு வழியைக் காட்டியது. கழிவறையிலிருந்து கைகழுவும் இடம் வரை பாதையமைத்து அதில் கால்தடங்களையும், கைகழுவும் இடத்தில் கைத்தடங்களையும் வண்ணத்தில் வரைந்தனர். கைகழுவுதல் பற்றிய பாடம் எதுவும் நடத்தவில்லை. கழிவறை சென்றபின் சோப்பிட்டுக் கைகழுவியவர்கள் முன்னர் 4 விழுக்காடாக இருந்தனர். வேலை முடிந்த மறுநாள் 68 விழுக்காடாகவும், ஆறு வாரங்களுக்குப் பின் 74 விழுக்காடாகவும் உயர்ந்தனர். இரண்டே பள்ளிகள் என்பதால் எங்கும் இதே அளவு பலன் கிட்டும் என்று கொள்ள இயலாது. ஆயினும் ஒரு டப்பா வண்ணப்பூச்சின் செலவில் செய்து பார்க்கத்தக்கது. அங்கன்வாடியில் தடங்களின் இடைவெளி குழந்தையின் எட்டுக்கு ஏற்றதாக இருந்தால், தடத்தில் மட்டுமே கால்வைத்துத் தாவுவது தானாகவே விளையாட்டாகிவிடும்.

பாதை முடியும் இடத்தில் 'டிப்பி டாப்' எனப்படும் மிதிகுழாய் பொருத்தமானது. சிம்பாப்வேயில் மருத்துவர் ஜிம் வாட் சுரைக்குடுவையைக் கொண்டு உருவாக்கிய அமைப்பின் வழிவந்தது இது. 5 லிட்டர் எண்ணெய்க் கேனின் பக்கத்தில், மேற்பகுதியில், சுடுஆணியால் துளையிட்டு, கைப்பிடி வழியே குறுக்குக் கம்பில் தொங்கவிடுவர். மூடியில் கட்டிய கயிற்றின் மறுமுனை தரையில் உள்ள குச்சியுடன் இணைந்திருக்கும். குச்சியை மிதித்தால் கேன் சாய்ந்து மெல்லிய தாரையாக நீர் விழும். காலை எடுத்தால் நின்றுவிடும். கை எதையும் தொடுவதில்லை. துளைமட்டத்திற்கு மேல் நீர் நிரப்பினால் ஓயாமல் ஒழுகும். காற்று உட்புக வழியின்றி மூடி இறுகியிருந்தால் தாரை விட்டு விட்டு வரும். மூடியைச் சிறிது தளர்த்த வேண்டும். கேனின் துளை குழந்தையின் இடுப்புக்குச் சற்று மேல் இருந்தால் போதும். கீழே கூழாங்கல் பரப்பாவிடில் அவ்விடம் சேறாகும்.

உணவு வேளைக்கு ஒரே ஒரு மிதிகுழாயை நம்புவது சரிவராது. ஒரு குழந்தைக்கு 40 நொடிகள் என்றால் 25 பேர் முடிக்க 17 நிமிடங்கள் ஆகும். வரிசையின் கடைசியில் நிற்பவர்கள் கழுவாமலே தட்டிடம் சென்றுவிடுவர்.

பயனை அறிதல்

ஆசிரியர் பார்த்துக்கொண்டிருக்கும்போது எல்லாக் குழந்தைகளும் கழுவும். எனவே கண்ணால் பார்த்து எண்ணுவதைவிடச் சோப்பைப் பார்ப்பது நம்பத்தக்கது. மிதிகுழாயருகில் வலைப்பையில் கட்டித் தொங்கவிட்ட சோப்பைத் திங்கட்கிழமையும் சனிக்கிழமையும் மளிகைக்கடைத் தராசில் நிறுத்துக் குறித்துவரலாம். நீர் குறைந்து சோப்பு குறையாவிட்டால் குழந்தைகள் வெறும் நீரில் கைநனைத்துச் செல்கின்றனர் என்று பொருள். இரண்டும் குறையாவிட்டால் முதலில் கேனின் உயரத்தையும் மிதிகுச்சியையும் சோதிக்க வேண்டும்; மூன்று வயதுக் குழந்தையின் எடைக்கு அக்குச்சி இறங்காமலிருப்பது அடிக்கடி காணப்படும் கோளாறு ஆகும்.