ஒரே தாளில் ஒன்பது தலங்கள்

கும்பகோணத்தைச் சுற்றி அமைந்துள்ள நவக்கிரகத் தலங்களைக் குடும்பத்துடன் தரிசிக்கப் புறப்படுவோர் பலர். ஒன்பது தலங்களின் பெயரும் வழியும் எல்லோருக்கும் தெரியும். ஆயினும், நடுவழியில் ‘இப்போது எங்கே போவது, யார் பணம் கொடுப்பது’ என்ற பேச்சு எழுந்து, தரிசனத்தின் நிறைவைக் கெடுத்துவிடுகிறது. புறப்படுவதற்குப் பதினைந்து நாட்களுக்கு முன்பே ஒரு தாளின் ஒரு பக்கத்தில் மூன்று செய்திகளை எழுதி, அனைவரும் படித்து ஒப்புக்கொண்டால் இந்தச் சங்கடத்தைப் பெரிதும் தவிர்க்கலாம். எந்த நாளில் எந்தத் தலம், தோராயமாக என்ன செலவு, எதை யார் முடிவு செய்வது என்பவையே அந்த மூன்று.

சென்னையில் வாழும் ஒரு குடும்பத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். தாத்தா, பாட்டி, இரு மகன்கள், இரு மருமகள்கள், இரு பேரக்குழந்தைகள் என எட்டுப் பேர். சனிக்கிழமையன்று திருநள்ளாற்றில் நளதீர்த்தத்தில் நீராடிச் சனீஸ்வரரை வழிபட வேண்டும் என்பது பாட்டியின் நெடுநாள் நேர்த்திக்கடன். தாத்தாவுக்கு முழங்கால் வலி. சனிக்கிழமைக் கூட்டத்தில் அவர் நிற்க இயலுமா என்பது பிள்ளைகளின் கவலை. குடும்பத்தில் மனத்தாங்கல் பிறக்கக்கூடிய இடம் இதுதான். ஆகவே இவர்களது தாளில் முதலில் எழுதப்பட்டதும் இதுவே.

நாட்களை வகுக்கும்போது மனத்தில் கொள்ள வேண்டியது நண்பகல் நடை அடைப்பு. பெரும்பாலான ஆலயங்களில் நண்பகலையொட்டி நடை சாத்தி, மாலை நான்கு மணி அளவில் மீண்டும் திறப்பது வழக்கம். எனவே ஒரு நாள் என்பது உண்மையில் இரண்டு பகுதிகளே: ஒரு முற்பகல், ஒரு மாலை. மூன்று நாள் பயணத்துக்கு ஆறு பகுதிகள் கிடைக்கின்றன. வரைபடத்தில் தூரத்தை மட்டும் பார்த்து ஒன்பது தலங்களையும் அடுக்குவோர், பூட்டிய கதவின் முன் நான்கு மணி நேரம் காத்திருக்க நேரிடுகிறது. இக்குடும்பம் வகுத்த முறை வருமாறு:

வெள்ளி முற்பகல்: இரவு ரயிலில் வந்து இறங்கி, குளித்து, சூரியனார் கோவில், அருகிலுள்ள கஞ்சனூர்.
வெள்ளி மாலை: ஆலங்குடி.
சனி முற்பகல்: திருநள்ளாறு மட்டும். விடியுமுன் நான்கு மணிக்குப் புறப்பாடு.
சனி மாலை: கீழப்பெரும்பள்ளம், திருவெண்காடு, வைத்தீஸ்வரன் கோவில்.
ஞாயிறு முற்பகல்: திங்களூர். பிறகு ஓய்வு.
ஞாயிறு மாலை: ராகு காலமான நாலரை முதல் ஆறு மணிக்குள் திருநாகேஸ்வரத்தில் பாலபிஷேகம். இரவு ரயில்.

சுக்கிரனுக்குரிய கஞ்சனூர் வெள்ளியிலும், ராகு தலம் ஞாயிறு ராகு காலத்திலும் அமைந்தது நாட்களைச் சற்று யோசித்து அடுக்கியதன் பயன். சனி மாலையில் மூன்று தலங்கள் இருப்பது நெருக்கடிதான். எனவே ஞாயிறு முற்பகலின் பிற்பாதி வேண்டுமென்றே வெறுமையாக விடப்பட்டது. சனி இரவுக்குள் வைத்தீஸ்வரன் கோவிலை எட்ட இயலாவிடில், மறுநாள் விடியலில் திங்களூரை முடித்துக்கொண்டு நடை சாத்துமுன் அங்கே சென்றுவிடலாம். வெற்றிடமே இல்லாத திட்டத்தில் ஒரு மணி நேரத் தாமதம் எல்லாவற்றையும் குலைத்துவிடும்.

அடுத்தது செலவு. ஒவ்வொரு தொகையும் சற்றுத் தாராளமாகவே மதிப்பிடப்பட்டது. எட்டுப் பேருக்கும் போக வர ரயில் கட்டணம் 10,400 ரூபாய். மூன்று அறைகள் இரண்டு இரவுகளுக்கும், ஞாயிறு மாலை வரை பெட்டிகளை வைக்கவும் உடை மாற்றவும் ஓர் அறைக்கும் சேர்த்து 12,600. மூன்று நாள் வேன் வாடகை 19,500. உணவு 9,600. அர்ச்சனை, அபிஷேகம், தட்சிணை, தானம் ஆகியவற்றுக்கு 6,000. எதிர்பாராதவற்றுக்கு 5,900. ஆக மொத்தம் 64,000 ரூபாய். ஒவ்வொரு தொகைக்கும் எதிரே ‘கட்டியாயிற்று’ அல்லது ‘உத்தேசம்’ என்று குறித்தார்கள். இந்தக் குறிப்பு இல்லையெனில், ஏற்கெனவே கட்டிய பணத்தை ஒருவர் மீண்டும் கணக்கில் சேர்ப்பதும், கட்டாததைக் கட்டியதாக மற்றவர் நினைப்பதும் நேரும்.

வேன் வாடகையில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். திருநள்ளாறு புதுச்சேரி ஆட்சிக்குட்பட்ட காரைக்கால் பகுதியில் உள்ளது. வாடகை வண்டி எல்லையைக் கடக்க அனுமதிக் கட்டணம் உண்டா, அதுவும் ஓட்டுநர் படியும் சொன்ன வாடகையில் அடங்குமா என்று முன்பணம் தருமுன்பே கேட்டு, விடையை அதே வரியில் எழுதிவிட வேண்டும்.

வழிபாட்டுச் செலவான 6,000 ரூபாயைத் தம் ஓய்வூதியத்திலிருந்தே தர வேண்டும் என்று தாத்தா விரும்பினார். அது அவர் பெயரிலேயே எழுதப்பட்டது. மீதி 58,000 ரூபாயை இரு மகன்களும் ஆளுக்கு 29,000 என ஏற்றார்கள். எதிர்பாராச் செலவுக்கான பணம் மிஞ்சினால் சமமாகத் திருப்பிக்கொள்வது என்பதையும் எழுதினார்கள். ஊர் திரும்பியபின் கணக்குப் பார்த்து மனம் கசப்பதற்கு இடமில்லாமல் போயிற்று.

மூன்றாவது பகுதிதான் பெரும்பாலானோர் எழுதாமல் விடுவது. வழிபாடு, நேர்த்திக்கடன் தொடர்பான அனைத்தும் பாட்டியின் முடிவு. ஆகவே திருநள்ளாறு சனிக்கிழமையில்தான் என்பது உறுதியாயிற்று. புறப்படும் நேரமும் வழியும் மூத்த மகனுடையவை. ஓட்டுநரிடம் பேசுபவரும் அவர் ஒருவரே. அறையும் உணவும் இளைய மருமகளின் பொறுப்பு. கைப்பணமும் கணக்கும் இளைய மகனிடம். 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட புதிய செலவென்றால் மட்டும் அவர் அண்ணனைக் கேட்க வேண்டும். உடல்நலம் மூத்த மருமகளின் பொறுப்பு. தாத்தா வரிசையில் நிற்க இயலாத நிலை என்று அவர் சொன்னால் மறுபேச்சில்லை. தாத்தா வண்டியிலோ நிழலிலோ அமர, துணைக்கு ஒருவர் இருக்க, மற்றவர்கள் பாட்டியுடன் செல்வார்கள். நேர்த்திக்கடனும் நிறைவேறும், முழங்காலும் வருந்தாது.

எழுதும்போது ஒரு வரிக்கு எதிரே இரண்டு பெயர்களோ, ‘எல்லோரும்’ என்ற சொல்லோ வந்தால், அந்த விஷயத்தில் இன்னும் முடிவு ஆகவில்லை என்று பொருள். வழியில் வாக்குவாதம் எழப்போவது அந்த வரியில்தான். கையில் தாள் இருக்கும்போதே அதை ஒரே பெயராக்கிவிட வேண்டும்.

தாளைப் படம் எடுத்து அனைவர் கைப்பேசிக்கும் அனுப்பலாம். ஆனால் திருத்தும் உரிமை ஒருவருக்கே இருக்கட்டும். மற்றவர்கள் மாற்றங்களை அவரிடம் சொல்ல, அவர் திருத்தி, மேலே தேதியிட்டு, மீண்டும் அனுப்ப வேண்டும். தேதி இல்லாவிட்டால் ஒருவர் பழைய படத்தைப் பார்த்து ஐந்து மணிக்கு எழுவார். வண்டியோ நான்கு மணிக்கே வாசலில் நிற்கும். ஓட்டுநரிடமும் அச்சுப்படி ஒன்று இருப்பது நல்லது. அதில் நாட்களும் நேரங்களும் மட்டும் போதும். செலவும் முடிவுகளும் குடும்பத்துக்குள் இருக்கட்டும்.