மின்சாரம் நின்ற இரவில் தடுப்பூசிக் குப்பிகள்

2015 டிசம்பர் 1 காலை முதல் மறுநாள் காலை வரை தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீரும் சேர்ந்து அடையாற்றில் பெருகிவர, கரையோரப் பகுதிகளில் பாதுகாப்புக் கருதியே மின்சாரம் துண்டிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னை அருகே கரையைக் கடந்தபோது மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்தன. புறநகரின் பல இடங்களுக்கு மின்சாரம் திரும்பப் பல நாட்கள் ஆயின. திருமுடிவாக்கத்திலும் அதன் சுற்றுப்புறத்திலும் வசிக்கும் நம் வாசகர்கள் பலருக்கு அந்த நாட்கள் மறந்திருக்காது. வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் இருந்த பாலும் மாவும் கெட்டதைப் பார்த்திருப்பீர்கள். அதே நேரத்தில், தெருமுனையில் உள்ள சிறு மருத்துவமனையின் பெட்டியில் இருந்த தடுப்பூசிகளுக்கு என்ன நேர்ந்திருக்கும்?

பால் கெட்டால் நாற்றம் சொல்லிவிடும். வீரியம் இழந்த தடுப்பூசி பார்வைக்குப் பெரும்பாலும் மாறாமலே இருக்கும். ஊசி போடப்படும், குழந்தை அழும், அட்டையில் தேதி எழுதப்படும். ஆனால் பாதுகாப்பு கிடைத்திராது. ஆகவே குப்பியின் நிலையை அது இருந்த இடத்தின் வெப்பநிலையைக் கொண்டே அறிய வேண்டும். எந்தச் சிறு மருத்துவமனையும் பின்பற்றத்தக்க நடைமுறையை இங்கு விளக்குகிறோம். உங்கள் பிள்ளைக்கு ஊசி போடப்படும் இடத்தில் எவற்றைக் கவனிக்கலாம் என்பதும் இதிலிருந்து தெரியவரும்.

சூட்டைவிட உறைதலுக்கு அஞ்ச வேண்டும்

நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் தடுப்பூசிகளை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைத்திருக்க வேண்டும். இந்த எல்லைக்கு இரு பக்கங்கள் உண்டு. பலரும் 8 டிகிரியைத் தாண்டுவதை மட்டுமே ஆபத்தென நினைக்கின்றனர். போலியோ சொட்டு மருந்து, தட்டம்மைத் தடுப்பூசி போன்றவற்றுக்கு வெப்பமே பெரிய பகை என்பது உண்மைதான். ஆனால் மஞ்சள் காமாலை ‘பி’ தடுப்பூசி, பென்டாவேலன்ட் எனப்படும் ஐந்து நோய்த் தடுப்பூசி, டெட்டனஸ் தடுப்பூசி முதலியவை சில மணி நேரச் சூட்டைப் பெரும்பாலும் தாங்கும். உறைந்தால் ஒருமுறையே போதும், பயனற்றுப் போகும்.

இவற்றில் மருந்தின் நுண்பொருள் அலுமினிய உப்பின் துகள்களில் ஒட்டியிருக்கிறது. நீர் உறையும்போது அத்துகள்கள் நெருக்கப்பட்டுத் திரண்டுவிடும். மீண்டும் உருகினாலும் அவை பழையபடி பிரிவதில்லை. அந்த மருந்து எதிர்ப்பாற்றலைச் சரிவரத் தூண்டாது. ஊசி போட்ட இடத்தில் வீக்கமும் வலியும் கூடுதலாக வரலாம்.

மின்தடையின்போது நல்லெண்ணத்தில் செய்யப்படும் தவறு இங்கேதான் நிகழ்கிறது. ‘மருந்து சூடாகிவிடுமே’ என்ற பதற்றத்தில் உறைபெட்டியிலிருந்து பனிக்கட்டியை எடுத்துக் குப்பிகளின் மேலேயே அடுக்கிவிடுவார்கள். சூட்டைத் தாங்கியிருக்கக்கூடிய மருந்து அந்தக் குளிரில் உறைந்து வீணாகிவிடும்.

நல்ல நாளில் செய்ய வேண்டியவை

தடுப்பூசிக்கான குளிர்பதனப் பெட்டியில் உணவுப் பொருள் எதுவும் இருக்கக் கூடாது. உணவுக்காக ஒருவர் கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் உள்வெப்பம் ஏறுகிறது. குப்பிகளை நடுத்தட்டுகளில் வைக்க வேண்டும். கதவில் உள்ள தட்டு எளிதில் சூடாகும். உறைபெட்டியை ஒட்டிய இடமும், குளிர்காற்று வரும் துளைக்கு எதிரான இடமும் உறையவைக்கும். காலியாக உள்ள கீழ்ப்பகுதியிலும் கதவுத் தட்டிலும் தண்ணீர் நிரப்பிய பாட்டில்களை வைப்பது நல்லது. மின்சாரம் நின்றபின் குளிரை நெடுநேரம் பிடித்துவைப்பவை அவையே.

வெப்பமானியின் உணரி குப்பிகளின் நடுவிலும், எண்கள் தெரியும் முகப்பு பெட்டிக்கு வெளியிலும் இருப்பது சிறந்தது. அந்த வெப்பமானி மிகக் குறைந்த, மிக அதிக வெப்பநிலைகளை நினைவில் வைக்கும் வகையாக இருந்தால், யாரும் இல்லாத இரவில் நடந்ததையும் காலையில் அறியலாம். காலையிலும் மாலையிலும் அளவைப் பார்த்து எழுதிவைக்க வேண்டும். விடுமுறை நாளின் கட்டம் காலியாக இருந்தால், அந்த நாளில் நடந்ததற்குச் சாட்சி இல்லை என்று பொருள்.

பெட்டியின் கதவில் ஒட்ட வேண்டிய தாள்

நெருக்கடியில் நினைவை நம்பக் கூடாது. ஆகவே கீழ்க்கண்ட படிகளைப் பெரிய எழுத்தில் எழுதிப் பெட்டியின் கதவிலேயே ஒட்டிவைக்க வேண்டும்.

1. கதவைத் திறக்காதீர்கள். கதவின் மேல் ‘திறக்க வேண்டாம்’ என்று ஒட்டி, மின்சாரம் நின்ற நேரத்தையும் அப்போதைய வெப்பநிலையையும் எழுதுங்கள்.
2. தடை தெரு முழுவதற்குமா, பெட்டிக்கு மட்டுமா என்று பாருங்கள். செருகி கழன்றிருக்கலாம், கதவு சரியாக மூடாமல் இருக்கலாம்.
3. அரை மணிக்கு ஒருமுறை வெளி முகப்பில் அளவைப் பார்த்து எழுதுங்கள்.
4. உடனே ஐஸ் பேக்குகளை உறைபெட்டியிலிருந்து வெளியே எடுத்து வையுங்கள். குலுக்கினால் உள்ளே தண்ணீர் அசையும் ஒலி கேட்கும்வரை அவற்றைப் பயன்படுத்தாதீர்கள்.
5. அளவு 7 டிகிரியை எட்டினால், குப்பிகளைத் தடுப்பூசிப் பெட்டகத்துக்கு மாற்றுங்கள். உறையக்கூடாத குப்பிகள் ஐஸ் பேக்கைத் தொடாதவாறு இடையில் அட்டையோ துணியோ வையுங்கள். ஒரு வெப்பமானியையும் உள்ளே வையுங்கள்.
6. எல்லை மீறிய குப்பிகளைப் போடவும் வேண்டாம், எறியவும் வேண்டாம். ‘பயன்படுத்த வேண்டாம்’ என்று குறித்த பையில் இட்டுக் குளிரிலேயே தனியாக வைத்து, மருத்துவருக்குத் தெரிவியுங்கள்.

தாளின் அடியில் பொறுப்பு மருத்துவரின் எண்ணும், மாற்று இடமாக முன்கூட்டியே இசைவு பெற்ற ஒரு பெரிய மருத்துவமனையின் எண்ணும் இருக்க வேண்டும். புயல் அடிக்கும்போது இடம் தேடத் தொடங்குவது காலம் கடந்த செயல்.

ஒரு புயல் நாளை எடுத்துக்கொள்வோம்

வர்தாவைப் போன்ற ஒரு நாளில், ஒரு சிறு மருத்துவமனையில் பிற்பகல் 2 மணிக்கு மின்சாரம் நிற்கிறது என்று கொள்வோம். அப்போது பெட்டியில் 4.5 டிகிரி. செவிலியர் கதவை மூடியே வைத்து, ஐஸ் பேக்குகளை வெளியே எடுத்து வைக்கிறார். திறக்கப்படாத வீட்டு உபயோகக் குளிர்பதனப் பெட்டி சுமார் 4 மணி நேரம் குளிரைக் காக்கும் என்பர். எனினும் பெட்டிக்குப் பெட்டி அது மாறும் என்பதால் வெப்பமானியையே நம்ப வேண்டும். மாலை 5 மணிக்கு அளவு 7 டிகிரி. ஐஸ் பேக்குகள் இப்போது வியர்த்து, குலுக்கினால் ஒலிக்கின்றன. அவற்றைப் பெட்டகத்தின் நான்கு பக்கங்களிலும் நிறுத்தி, குப்பிகளை நடுவில் வைத்து மூடுகிறார். மறுநாள் காலை பெட்டகத்தில் 5 டிகிரி. இரவில் 3 டிகிரிக்குக் கீழே போகவில்லை. எந்த மருந்தும் எல்லை மீறவில்லை.

இதையே வேறுவிதமாக எண்ணிப் பாருங்கள். அவசரத்தில் கல் போன்ற ஐஸ் பேக்குகளை அப்படியே வைத்திருந்தால், காலையில் வெப்பமானியின் குறைந்த அளவு மைனஸ் 2 என்று காட்டக்கூடும். குப்பியின் மேல் வெப்பக் குறியீடு இருந்தால், அதாவது வட்டத்துக்குள் ஒரு சிறு சதுரம் இருந்தால், அந்தச் சதுரம் வெளிறியே இருக்கும். இது ஏமாற்றக்கூடியது. அக்குறியீடு சூட்டை மட்டுமே காட்டும். சதுரம் வட்டத்தின் நிறத்தை எட்டினால் மருந்து பயன்படாது. உறைந்ததை அது காட்டாது.

மருந்து கட்டியாக உறைந்திருப்பது கண்ணுக்கே தெரிந்தால் சோதனை தேவையில்லை. அதை அகற்ற வேண்டும். ஐயம் மட்டும் இருந்தால், அலுமினிய உப்புள்ள தடுப்பூசிகளுக்குக் குலுக்கல் சோதனை உண்டு. அதே நிறுவனத்தின், அதே தொகுதி எண் கொண்ட ஒரு குப்பியை இரவு முழுவதும் வேண்டுமென்றே உறையவைத்து, பின் உருகவிட வேண்டும். அதையும் ஐயத்துக்குரிய குப்பியையும் சேர்த்துக் குலுக்கி, அருகருகே மேசை மேல் நிறுத்தி, அரை மணி நேரம் வரை பார்க்க வேண்டும். உறைந்ததில் வெண்மையான படிவு விரைவாகக் கீழே இறங்கி, மேலே தெளிந்த நீர் தெரியும். ஐயத்துக்குரியதும் அதே வேகத்திலோ அதைவிட விரைவாகவோ படிந்தால் அந்தத் தொகுப்பை அகற்ற வேண்டும். தெளிவாக மெதுவாகப் படிந்தால் அது உறையவில்லை எனக் கொள்ளலாம். ஊசி மூலம் போடும் போலியோ தடுப்பூசியில் அலுமினிய உப்பு இல்லை. ஆகவே இச்சோதனை அதற்குப் பொருந்தாது, அது உறைதலைத் தாங்குவதும் இல்லை.

மின்சாரம் வந்தவுடன் குப்பிகளைப் பெட்டிக்குள் திருப்பி வைக்கக் கூடாது. அளவு 2க்கும் 8க்கும் இடையே நிலைபெற்றபின்னரே மாற்ற வேண்டும்.

உங்கள் பங்கு

தடுப்பூசியை மருந்துக் கடையில் வாங்கி நீங்களே கொண்டுவருவதும் நம் பகுதியில் வழக்கம். அப்போது குளிர்பையில் வைத்து, பனிக்கட்டிக்கும் மருந்துக்கும் இடையே துணி இருக்குமாறு பார்த்து, நேராக மருத்துவமனைக்கு வாருங்கள். வழியில் வீட்டின் உறைபெட்டியில் வைத்துவிட்டுப் பிறகு எடுத்துவர வேண்டாம். அப்படி வைத்திருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

மின்தடைக்குப் பின் ‘இன்று ஊசி இல்லை, புதிய மருந்து வந்ததும் அழைக்கிறோம்’ என்று செவிலியர் கூறினால், அது அலட்சியமன்று. பெரும்பாலான தடுப்பூசிகளைச் சில நாட்கள் தாமதித்துப் போடுவதால் தொடரை முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. ஏற்கெனவே போடப்பட்ட மருந்து எல்லை மீறியிருந்தது எனப் பின்னர் தெரியவந்தால், எந்தத் தவணையை எப்போது மீண்டும் போடுவது என்பதை மருத்துவர் முடிவு செய்து உங்களை அழைப்பார். அதற்காகவே குழந்தையின் அட்டையில் தேதியுடன் தொகுதி எண்ணும் எழுதப்படுகிறது. அட்டையைப் பத்திரமாக வைத்திருங்கள். உங்கள் தொலைபேசி எண் மாறினால் மருத்துவமனையில் தெரிவியுங்கள்.