ஒரே 90 சதவீதம், இரண்டு கதைகள்

திருப்பூரில் பனியன் தைக்கும் ஒரு சிறிய யூனிட்டை எடுத்துக்கொள்வோம். 25 டெய்லர்கள், தினம் 8 மணி நேரம், மாதத்தில் 24 நாள் என்றால் 4,800 மணி நேரம். மாதத் தொடக்கத்தில் போடும் திட்டம் இதுதான். ஒரு டீ-ஷர்ட் தைக்க மொத்தம் 12 நிமிடம் ஆகும் என்று அளந்து வைத்திருக்கிறார்கள். மாத முடிவில் செக்கிங்கில் தேறியவை 21,600 பீஸ். மணிக்கு 5 பீஸ் என்ற கணக்கில் இவற்றுக்கு 4,320 மணி நேரம் ஆகியிருக்க வேண்டும்.

4,320ஐத் திட்டமிட்ட 4,800ஆல் வகுத்தால் 90 சதவீதம். இதைச் செயல்பாட்டு விகிதம் என்பார்கள். பத்து சதவீதம் குறைந்துவிட்டது, சரி. ஏன் குறைந்தது?

அதைச் சொல்ல மூன்றாவது எண் வேண்டும்: டெய்லர்கள் உண்மையில் வேலை செய்த நேரம்.

அது 4,000 மணி என்று வைப்போம். 4,000ஐ 4,800ஆல் வகுத்தால் கொள்திறன் விகிதம் 83.3 சதவீதம். தினமும் சராசரியாக நான்கு டெய்லர்கள் வரவில்லை என்று இதற்குப் பொருள். ஆனால் 4,320ஐ 4,000ஆல் வகுத்தால் செயல்திறன் விகிதம் 108. வந்தவர்கள் எதிர்பார்த்ததைவிட வேகமாகவே தைத்திருக்கிறார்கள். ஊருக்குப் போனவர்கள் ஏன் திரும்பவில்லை என்று விசாரிப்பதுதான் இங்கே முதல் வேலை.

அடுத்த மாதமும் அதே 21,600 பீஸ்; வேலை நடந்ததோ 5,400 மணி. ஒவ்வொருவரும் தினம் ஒரு மணி நேரம் ஓவர்டைம் பார்த்திருக்கிறார்கள். இப்போது கொள்திறன் 112.5, செயல்திறன் வெறும் 80. இரண்டையும் பெருக்கினால் மறுபடியும் அதே 90! ஓவர்டைமுக்கு இருமடங்குக் கூலி தர வேண்டும் என்கிறது சட்டம். அந்தக் கூலியும் போய், சரக்கும் கூடவில்லை.

இந்த 80ஐப் பார்த்ததும் டெய்லரைத் திட்டுவது பெரிய அநியாயம். கட்டிங்கிலிருந்து துணி வராமல் காத்திருந்த நேரமும், ஆல்டருக்குத் திரும்பிய பீஸைப் பிரித்துத் தைத்த நேரமும் அந்த 5,400க்குள்தான் இருக்கின்றன. காத்திருந்த நேரத்தை லைன் சூப்பர்வைசர் தனியாகக் குறித்து வைத்தால், கோளாறு தையலிலா கட்டிங்கிலா என்பது தெரிந்துவிடும்.

108ஐயும் அப்படியே நம்பிவிடக் கூடாது. பல மாதங்கள் தொடர்ந்து 100க்கு மேலேயே நின்றால், அந்த 12 நிமிடமே தாராளமாக வைக்கப்பட்டதாக இருக்கலாம். டிசைன் மாறினாலும் நேரத்தைத் திரும்ப அளக்க வேண்டும். காலர் வைத்த டீ-ஷர்ட்டுக்குப் பழைய 12 நிமிடத்தையே பிடித்தால் நல்ல டெய்லரும் மந்தமானவராகத் தெரிவார்.

மாத அறிக்கையில் செயல்பாட்டு விகிதம் ஒன்றை மட்டும் எழுதிக் கொடுத்தால் வாங்காதீர்கள். மற்ற இரண்டையும் கேளுங்கள்.